கன்சைனி கட்டத்தில் யார் பெயர்?

பொள்ளாச்சியிலிருந்து முதல்முறையாக காயர் பித் ஏற்றுமதி செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தென்னை நார்த்தூளை ஐந்து கிலோ கட்டிகளாக அழுத்தி நெதர்லாந்து வியாபாரி ஒருவருக்கு விற்கிறார். 4,800 கட்டிகள், 20 பாலெட், ஒரு நாற்பதடி கன்டெய்னர். தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றி, ராட்டர்டாமில் இறக்க வேண்டும். விலையில் 20 சதவீதம் முன்பணமாக வந்துவிட்டது. மீதியை வாங்குபவர் தன் வங்கியில் கட்டி, ஆவணங்களைப் பெற்றுக்கொள்வதாகப் பேச்சு.

கன்டெய்னர் துறைமுகத்துக்குப் போன கையோடு, 'டிராஃப்ட் பி.எல்.' ஒன்று மெயிலில் வரும். பார்த்து ஓகே சொல்லுங்கள் என்பார் ஏஜென்ட். பலரும் கம்பெனிப் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஓகே அனுப்பிவிடுகிறார்கள். கப்பல் கிளம்பிய பிறகு திருத்த வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம்.

பி.எல். என்பது பில் ஆஃப் லேடிங். சுங்கத்துறையில் போடும் ஷிப்பிங் பில் வேறு, இது வேறு. கப்பல் நிறுவனம் சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு இது ரசீது, கொண்டுபோய்ச் சேர்க்க ஒப்புக்கொண்டதற்குச் சான்று. இவற்றோடு, ஆர்டர் வகை பி.எல். சரக்கின் உரிமையையே கைமாற்றும் பத்திரமும் ஆகிவிடுகிறது. பணம் வந்து சேருமா என்பது இந்த மூன்றாவது குணத்தில்தான் அடங்கியிருக்கிறது.

ஷிப்பர் என்ற முதல் கட்டத்தில் ஏற்றுமதியாளர் பெயர் இருக்கும். அதற்குக் கீழே இருப்பது கன்சைனி. வாங்குபவர் பெயரைத்தானே இங்கே போட வேண்டும் என்று தோன்றும். அவருக்குத்தானே சரக்கு போகிறது? ஆனால் அவர் பெயரை நேரடியாகப் போட்டால் பி.எல். கைமாற்ற முடியாததாகிவிடும். அமெரிக்கச் சட்டப்படி, இப்படிப்பட்ட பி.எல்.லில் பெயர் உள்ளவர் அசல் தாளைக் காட்டாமலேயே சரக்கை எடுத்துப் போகலாம். வேறு பல இடங்களில் அசலைக் கேட்பார்கள் என்றாலும், வாங்குபவர் பணம் கட்டாமல் பின்வாங்கினால் சரக்கை இன்னொருவருக்கு விற்பது பெரும்பாடு.

நம் பொள்ளாச்சிக்காரர் அங்கே 'டு ஆர்டர் ஆஃப் ஷிப்பர்' என்று போடச் சொல்ல வேண்டும். நான் யாரைக் கைகாட்டுகிறேனோ அவருக்கே சரக்கு என்று அர்த்தம். பி.எல்.லின் பின்புறம் சீல் வைத்துக் கையெழுத்திட்டு வங்கியில் கொடுத்துவிடுவார். வாங்குபவர் மீதிப் பணத்தைக் கட்டினால்தான் ராட்டர்டாமில் உள்ள வங்கி அந்தத் தாளைக் கொடுக்கும். பின்புறம் கையெழுத்து விழுந்த பி.எல். யார் கையில் இருக்கிறதோ சரக்கு அவருக்கே என்பதால், அதை வங்கிக்குக் கொண்டுபோகும் அன்றைக்குக் கையெழுத்திட்டால் போதும். எல்.சி. இருந்தால், அதில் சொன்னபடி வங்கியின் பெயருக்கு ஆர்டர் வரும். எல்.சி. இல்லாதபோது வாங்குபவரின் வங்கியைக் கேட்காமல் அதன் பெயரை இங்கே போடக்கூடாது. சரக்கைப் பொறுப்பேற்க அந்த வங்கிக்குக் கடமை இல்லை.

அப்படியானால் வாங்குபவர் பெயர் எங்கே? அடுத்த கட்டமான நோட்டிஃபை பார்ட்டியில். கப்பல் வருகிறது என்று தகவல் சொல்ல வேண்டிய ஆள் அவர், அவ்வளவுதான். சரக்கின் மேல் இதனால் அவருக்கு எந்த உரிமையும் வராது. ஆனாலும் முகவரி, போன், மெயில் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். தகவல் போகாமல் கன்டெய்னர் துறைமுகத்தில் கிடந்தால், இலவச நாட்கள் முடிந்ததும் வாடகை ஏற ஆரம்பித்துவிடும்.

துறைமுகங்களின் பெயர் உள்ள கட்டங்களில் பெரிய சிக்கல் இல்லை. ஏற்றும் இடம் தூத்துக்குடி, இறக்கும் இடம் ராட்டர்டாம். பொள்ளாச்சியில் கன்டெய்னரை நிரப்பியவர் ஏற்றுமதியாளரே, லாரி ஏற்பாடும் அவருடையது. அதனால் 'பிளேஸ் ஆஃப் ரிசீட்' கட்டம் காலியாக இருக்கலாம்.

கன்டெய்னர் எண், சீல் எண் இரண்டையும், சீல் வைத்தபோது கதவில் எடுத்த போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே சரக்கின் விவரம் இருக்கும். அங்கே 'செட் டு கன்டெய்ன்', 'ஷிப்பர்ஸ் லோட், ஸ்டோ அண்ட் கவுன்ட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, "ஏனுங்க, நம்ம மேல சந்தேகப்படறாங்களா?" என்று புதியவர்கள் பதறுவதுண்டு. பூட்டிய கன்டெய்னரைக் கப்பல்காரர் திறந்து எண்ணவில்லை, அதைத்தான் சொல்கிறார். வங்கி இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாது. மூட்டை நனைந்திருக்கிறது, பேக்கிங் கிழிந்திருக்கிறது என்று சரக்கின் நிலையைக் குறைசொல்லும் வாசகம் இருந்தால்தான் பி.எல். 'கிளீன்' இல்லை என்று ஆகும்.

எடைக் கட்டத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். கட்டிகள் 24,000 கிலோ. பாலெட் ஒவ்வொன்றும் 20 கிலோ என்றால் அவை 400 கிலோ. ஆக மொத்த எடை 24,400. பேக்கிங் லிஸ்டிலும் இன்வாய்ஸிலும் உள்ளபடி பி.எல்.லில் வர வேண்டிய எடை இதுவே. துறைமுகத்துக்குக் கொடுக்கும் வி.ஜி.எம். எடையில் காலி கன்டெய்னரின் எடையும் சேரும். அது 3,900 கிலோ என்றால் வி.ஜி.எம். 28,300. அந்த எண்ணைத் தவறிப்போய் பி.எல்.லில் போட்டால் ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்படும், வங்கி திருப்பி அனுப்பிவிடும்.

கப்பல் கூலிக் கட்டம் விலைப் பேச்சோடு ஒத்துப்போக வேண்டும். சி.ஐ.எஃப். விலை என்றால் 'பிரீபெய்ட்', எஃப்.ஓ.பி. என்றால் 'கலெக்ட்'.

தேதி என்று வரும்போது 'ஷிப்டு ஆன் போர்டு' தேதியைப் பார்க்க வேண்டும். கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போன தேதி கணக்கில் வராது, தூத்துக்குடியில் கப்பலில் ஏறிய தேதிதான் கணக்கு. எல்.சி.யில் கடைசி நாள் மார்ச் 15 என்று இருந்து, கன்டெய்னர் 13ஆம் தேதி உள்ளே போய் 16ஆம் தேதி ஏறினால், ஒரு நாள் தாமதம் தாமதமே. 15 என்று போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அது மோசடி. கன்டெய்னர் எண்ணைத் தட்டினால் ஏறிய தேதி யாருக்கும் தெரிந்துவிடும். கப்பல் தாமதமாகிறது என்று தெரிந்த அன்றே வாங்குபவரிடம் சொல்லி எல்.சி.யைத் திருத்தச் சொல்வதுதான் ஒரே வழி. எல்.சி. வேறு கெடு சொல்லாவிட்டால், ஏறிய நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆவணங்கள் வங்கிக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

அடிப்பக்கத்தில் அசல்களின் எண்ணிக்கை இருக்கும், வழக்கமாக மூன்று. அதில் எந்த ஒன்றைக் கொடுத்தாலும் சரக்கை எடுத்துவிடலாம், மற்ற இரண்டும் உடனே செல்லாக்காசு. ஒன்றை மட்டும் கூரியரில் அனுப்புங்கள், துறைமுக வேலையைச் சீக்கிரம் முடிக்கிறேன் என்று வாங்குபவர் கேட்டால் முடியாது என்று சொல்ல வேண்டும். மூன்றும் சேர்ந்தே வங்கிக்குப் போக வேண்டும்.

கடைசியாகக் கையெழுத்து. எஃப்.ஓ.பி. விற்பனையில் வாங்குபவர் தனக்குத் தெரிந்த ஃபார்வர்டரை நியமிப்பார். ஏற்றுமதியாளர் கைக்கு வருவது அந்த ஃபார்வர்டரின் 'ஹவுஸ் பி.எல்.' கப்பல் நிறுவனம் கொடுத்த 'மாஸ்டர் பி.எல்.' ஃபார்வர்டரின் ஆட்களிடம் இருக்கும். அசல் ஹவுஸ் பி.எல்.லை வாங்காமல் சரக்கை விட்டுவிட்டால் ஏற்றுமதியாளர் வழக்கு போடப்போவது அந்த ஃபார்வர்டர் மேல்தான். அதனால் கையெழுத்துக்குக் கீழே 'கேரியர்' என்று யார் பெயர் இருக்கிறது, அந்த நிறுவனம் இந்தியாவில் 1993ஆம் ஆண்டின் பல்வகைப் போக்குவரத்துச் சட்டப்படி கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தில் பதிவு செய்திருக்கிறதா என்று சரக்கு கிளம்பும் முன்பே விசாரித்துவிட வேண்டும்.

அசல் வேண்டாம், 'சரண்டர்' செய்துவிடுங்கள் என்ற கோரிக்கையும் வரும். அசல்களைத் தூத்துக்குடியிலேயே ஒப்படைத்துவிட்டால், ராட்டர்டாமில் தாள் இல்லாமல் சரக்கை விடச் சொல்லி லைன் தகவல் அனுப்பிவிடும். மீதி 80 சதவீதமும் கணக்கில் ஏறிய பிறகு அதைச் செய்யலாம். பணம் அனுப்பியதாக வரும் ஸ்விஃப்ட் நகலை நம்பி அல்ல, வங்கி வரவு வைத்த பிறகு.