ஒற்றை ஸ்டார் சொல்லும் சேதி

ஆப்பை வெளியிட்டவர்கள் முதல் மாதத்தில் அடிக்கடி பார்ப்பது ஓர் எண்ணைத்தான்: 4.4, 4.2, 3.9. அது இறங்கினால் பதற்றம், ஏறினால் நிம்மதி. ஆனால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று அந்த எண் சொல்லாது. அதற்கு அடியில் இருக்கும் விமர்சனங்களைப் பிரித்துப் படிக்க வேண்டும்.

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மளிகைக் கடைக்காரர்கள் வாடிக்கையாளரின் கடன் பாக்கியைக் குறித்துவைக்கும் ஆண்ட்ராய்டு ஆப் அது. பொங்கலுக்கு வெளியானது. ஒரு மாதம் கழித்து 1.2 என்ற புதிய பதிப்பு போகிறது. அடுத்த பத்து நாளில் 4.4-ஆக இருந்த மதிப்பு 3.9 ஆகிறது. கூகுள் பிளே 2019 முதல் அண்மைய மதிப்பெண்களுக்குக் கூடுதல் எடை கொடுத்துக் கணக்கிடுவதால், புதுக் கோளாறு எண்ணில் சட்டென்று தெரிந்துவிடும்.

ஆப் உரிமையாளர் நுழையும் பிளே கன்சோலில், எழுதப்பட்ட ஒவ்வொரு விமர்சனத்தோடும் ஆப்பின் பதிப்பு, போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு ஆகியவை பெரும்பாலும் சேர்ந்தே வரும். எனவே முதல் வேலை, 1.2 பதிப்பில் இருந்து வந்த ஒற்றை ஸ்டார், இரட்டை ஸ்டார் விமர்சனங்களை மட்டும் வடிகட்டுவது. தேடும்போது 'ஓபன் ஆகல' என்று தமிழில் மட்டும் தேடினால் போதாது. 'open aagala', 'open agala' என்று ஆங்கில எழுத்தில் தட்டியவர்களே கூடுதலாக இருக்கலாம்.

நம் உதாரணத்தில் தேறியவை இருபது. ஒன்பது பேர், 'திறந்ததும் மூடிக்கொள்கிறது' என்கிறார்கள். ஐந்து பேருக்கு ஓடிபி வரவில்லை. இரண்டு பேர், 'போன் மாத்தினேன், ஒரு மாசக் கடன் பாக்கி எல்லாம் போச்சு' என்கிறார்கள். மீதி நான்கு 'வேஸ்ட் ஆப்' ரகம். இவை தவிர, நான்கு ஸ்டார் கொடுத்த பதினொரு பேர் டார்க் மோட் கேட்டிருக்கிறார்கள்.

தலை எண்ணிப் பார்த்தால் டார்க் மோட்தான் முதலிடம், கணக்கு தொலைந்தது கடைசி இடம். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். எத்தனை பேர் எழுதினார்கள் என்பதோடு, அந்த வசதியை எத்தனை பேர் தொட்டார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஆப்பை எல்லோரும் தினமும் திறக்கிறார்கள். புதுப் போன் வாங்கி, பழைய கணக்கை மீட்டெடுக்கும் பட்டனைத் தட்டியவர்கள் அந்தப் பத்து நாளில் ஆறே பேர் என்று சர்வர் பதிவு காட்டுகிறது. ஆறு பேருக்கும் வெற்றுக் கணக்குதான் திரும்ப வந்திருக்கிறது. இரண்டு பேர் எழுதினார்கள், நான்கு பேர் எழுதாமலே போய்விட்டார்கள்.

ஏன் அப்படி ஆயிற்று? முதல் பதிப்பு போன் எண்ணைப் பத்து இலக்கமாகச் சேமித்தது. புதிய பதிப்பு முன்னால் +91 சேர்த்துத் தேடுகிறது. இரண்டும் பொருந்தாததால், 'இவருக்குப் பழைய கணக்கே இல்லை' என்று ஆப் முடிவுகட்டுகிறது. சர்வரில் இருக்கும் கணக்கு இதுவரை பத்திரம்தான். ஆனால் இன்றிரவு தானாகப் பேக்கப் எடுக்கவிருக்கும் வேலை, எண்களை ஒழுங்குபடுத்தும் சாக்கில், பழைய கணக்கின் மேலேயே இந்த வெற்றுக் கணக்கை எழுதிவிடும். அதனால் இதற்குக் கெடு இன்றிரவு. பிழையைத் திருத்துவது நாளைக்கு ஆகட்டும். மேலெழுதும் அந்த வேலையைச் சர்வரில் இப்போதே நிறுத்த வேண்டும்.

புதிய பதிப்பைப் பயனர்களில் ஒரு பங்குக்கு மட்டும் படிப்படியாக விட்டிருந்தால், பரவலைக் கன்சோலிலேயே நிறுத்தலாம். ஏற்கெனவே 1.2 இறங்கிய போன்களை அது பழைய பதிப்புக்குத் திருப்பாது. அவர்களுக்கு 1.3 என்று புதிதாகத்தான் அனுப்பியாக வேண்டும்.

அடுத்தது ஓடிபி. ஐந்தே புகார்தான், ஆனால் வாசலிலேயே நிற்பவர்களின் புகார். இந்தியாவில் வணிகக் குறுஞ்செய்தியின் வாசகத்தை டிஎல்டி தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அனுப்பும் செய்தி அதோடு ஒத்துப்போகாவிட்டால் வழியிலேயே தடுக்கப்படும். புதிய பதிப்பு வந்த கையோடு யாரோ அந்த வாசகத்தை அழகுபடுத்தியிருக்கிறார்கள். பழைய வாசகத்தைத் திரும்பப் போட்டால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை; ஆப்பைத் தொடவே வேண்டாம். சிறு முயற்சியில் பெரிய தடை நீங்குகிற இத்தகைய வேலைகளை அன்றே முடித்துவிட வேண்டும்.

திறந்ததும் மூடிக்கொள்வதற்குக் காரணம் விமர்சனத்தில் கிடைக்காது. ஆனால் ஒன்பதில் ஏழு பேரின் போன்கள் 2 ஜிபி ரேம் உள்ளவை. அந்தத் துப்போடு கன்சோலின் ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ் பகுதிக்குப் போனால், அதே மாடல்களில் `OutOfMemoryError` குவிந்திருக்கிறது. வாடிக்கையாளர் படங்கள் அனைத்தையும் ஆப் ஒரே மூச்சில் ஏற்றுவதால் நினைவகம் நிரம்பிவிடுகிறது. ஒரு மாடலில் நாள்தோறும் பயன்படுத்துவோரில் 8 சதவீதத்துக்கு மேல் இப்படி முடங்கினால், அந்த மாடல்காரர்களுக்கு ஆப்பைக் காட்டுவதை பிளே ஸ்டோர் குறைக்கலாம்; எச்சரிக்கையும் போடலாம். எனவே படங்களைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் மாற்றமும், போன் எண் திருத்தமும் சேர்ந்து 1.3 ஆகிறது. டார்க் மோட் காத்திருக்கலாம். அது இல்லாததால் யாருடைய பாக்கியும் தொலைவதில்லை.

இனி பதில். பிளே ஸ்டோரில் ஒரு விமர்சனத்துக்கு ஒரே பதில்தான், 350 எழுத்துருக்களுக்குள். பிறகு அதையே திருத்தலாம். 'சிரமத்துக்கு வருந்துகிறோம், மின்னஞ்சல் அனுப்புங்கள்' என்று இருபது பேருக்கும் ஒரே வரியை ஒட்டினால், யாரும் படிக்கவில்லை என்பது அடுத்து வருபவருக்குத் தெரிந்துவிடும். கணக்கைத் தொலைத்தவருக்கு இப்படி எழுதலாம்:

"வணக்கம். போன் மாற்றும்போது பழைய கணக்கைத் தேடுவதில் எங்கள் பக்கம் பிழை. பழைய போன் கையில் இருந்தால் அதிலுள்ள ஆப்பை நீக்க வேண்டாம்; கணக்கு அதில் அப்படியே இருக்கும். ஆப்பில் 'உதவி'யைத் தொட்டு எழுதுங்கள், சரிசெய்து தருகிறோம். போன் எண்ணை இங்கே பதிய வேண்டாம்."

தவறு யாருடையது, இப்போது என்ன செய்யக்கூடாது, அடுத்து எங்கே வர வேண்டும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. தேதி சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சொல்லித் தவறினால் இரண்டாவது கோபம் முதலாவதைவிடப் பெரிதாகும். 1.3 அவர் கைக்குப் போன பிறகு, 'அப்டேட் செய்து மீட்டெடுங்கள்' என்று இதே பதிலைத் திருத்த வேண்டும். ஸ்டாரை மாற்றச் சொல்லிக் கெஞ்சுவது எரிச்சலூட்டும். அதற்காகச் சலுகை தருவது விதிமீறல். பிரச்சினை தீர்ந்தால் அவராகவே மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

'வேஸ்ட் ஆப்' என்று மட்டும் எழுதியவரிடம் எங்கே சிக்கியது என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு நகரலாம். வசைச்சொல், விளம்பரம் போல விதியை மீறும் விமர்சனத்தைப் புகார் செய்யலாம். பிடிக்கவில்லை என்பதற்காக ஒன்றை நீக்கச் சொல்ல முடியாது.

1.3 போன பிறகு மொத்தச் சராசரியைப் பார்த்துக்கொண்டிருந்தால் குழப்பம்தான். பழைய ஒற்றை ஸ்டார்கள் அதில் இன்னும் கிடக்கும். 1.3-ஐ மட்டும் வடிகட்டி, 'ஓபன் ஆகல' மறுபடி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டெடுக்கும் பட்டனைத் தட்டியவர்களில் எத்தனை பேருக்குக் கணக்கு திரும்பியது என்பதைச் சர்வர் பதிவில் பார்க்க வேண்டும். எழுதாமல் போன அந்த நான்கு பேரையும் அங்கேதான் கண்டுபிடிக்க முடியும். அவர்களுக்கு விமர்சனப் பக்கத்தில் பதில் போட வழியில்லை. ஆப்பைத் திறந்ததும் தெரிகிற ஒரு செய்தியைத்தான் அனுப்ப வேண்டும்.