டிக்... டிக்... மின்வேலிக்கு எவ்வளவு செலவு?

தடிக்காரன்கோணம், கீரிப்பாறைப் பக்கம் மலையடிவார விளைகளில் ஏத்தன் வாழையும் மரச்சீனியும் வைப்பவர்களுக்கு ஒரு பெரிய கவலை உண்டு. இரவில் காட்டுப்பன்றி இறங்கினால், விடியும்போது கிழங்கு இருந்த இடத்தில் பள்ளம்தான் இருக்கும். அதனால் சிலர் விளையைச் சுற்றிச் சூரிய மின்வேலி போடுகிறார்கள். வேலியோரம் ஒரு சிறிய பெட்டி 'டிக், டிக்' என்று சத்தமிட்டுக்கொண்டே இருக்கும். அதுதான் எனர்ஜைசர். அது குடிக்கும் மின்சாரம் எவ்வளவு தெரியுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஏக்கர் விளை என்றால் சுற்றளவு ஏறக்குறைய 400 மீட்டர். பன்றியின் மூக்குக்கு எட்டும் உயரத்தில் ஒரு கம்பி, அதற்குமேல் ஒன்று. இந்த அளவுக்கு 1 ஜூல் தரும் பெட்டி போதும். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியின்மேல் இரண்டு ஜூல் கணக்கு இருக்கலாம். உள்ளே மின்தேக்கியில் சேர்த்து வைப்பது ஒன்று, கம்பிக்கு வெளியே வருவது மற்றொன்று. பன்றிக்குத் தெரிவது வெளியே வருவது மட்டுமே!

நம் பெட்டி 1.5 ஜூலைச் சேர்த்து, 1.25 வினாடிக்கு ஒருமுறை விடுகிறது என்போம். அதாவது வினாடிக்கு 1.2 ஜூல், 1.2 வாட். மின்னழுத்தத்தை உயர்த்துவதில் வீணாவதையும் சேர்த்து, பாட்டரியிலிருந்து 2.5 வாட் எடுக்கும் என்று கொள்வோம். ஒரு நாளுக்கு 60 வாட்-மணி. மாதத்துக்கு 1.8 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 15 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

இவ்வளவு குறைந்த ஆற்றலுக்குப் பன்றி ஏன் பயப்படுகிறது? அந்த 1 ஜூல் முழுவதும் வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் பாய்ந்துவிடுகிறது என்று வையுங்கள். அந்தக் கணத்துக்கு மட்டும் அதன் திறன் 10,000 வாட்! பத்து இஸ்திரிப் பெட்டிகளுக்குச் சமம். அடி சுள்ளென்று விழும். ஆனால் அடுத்த துடிப்புக்கு முன் ஒரு வினாடிக்குமேல் இடைவெளி இருப்பதால் விலங்கு விலகி ஓடிவிடும். ஒரு துடிப்பு 5 ஜூலைத் தாண்டக் கூடாது என்பது இதற்கான பன்னாட்டுத் தரவிதி.

வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுத்தால் என்ன ஆகும்? 230 வோல்ட்தானே, குறைவாயிற்றே என்று தோன்றும். உடலின் மின்தடை 500 ஓம் என்றால் வினாடிக்கு 100 ஜூலுக்குமேல் இடைவெளியே இல்லாமல் பாயும். தசை இறுகி விலக முடியாது, இதயம் தாளம் தப்பும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் 3 யானைகள் இறந்தன. விளைக்காரரும் பிள்ளைகளும்கூட இதில் சிக்கலாம். அதே 2023-இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்குப் பதிவும் அனுமதியும் வேண்டும் என விதிகள் கொண்டுவந்தது.

சரி, மாதம் 15 ரூபாய்தான் செலவா? இல்லை. குமரி மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. நான்கு நாள் வெயில் இல்லாவிட்டாலும் பெட்டி ஓட வேண்டும். 12 வோல்ட் பாட்டரியில் நாளொன்றுக்கு 5 ஆம்பியர்-மணி வீதம் 20 ஆகிவிடும். ஈய-அமிலப் பாட்டரியைப் பாதிக்குமேல் காலிசெய்தால் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் 40 வேண்டும். அது 4,000 ரூபாய் என்றும், 40 மாதம் உழைக்கும் என்றும் வைத்தால் மாதம் 100 ரூபாய். மின்சாரத்தைவிட ஏழு மடங்கு!

அதைவிடப் பெரிய செலவு புல். மழையில் வளர்ந்து கீழ்க்கம்பியைத் தொடும் ஈரப்புல் ஒன்றின் தடை 50,000 ஓம் என்போம். ஒன்றிரண்டால் கெடுதல் இல்லை. 100 புல் தொட்டால் எல்லாம் சேர்ந்து 500 ஓம்தான். அப்போது நம் 1 ஜூல் முழுவதும் புல் வழியாகவே மண்ணுக்குப் போகும், கம்பியில் 2,200 வோல்ட் அளவே மிஞ்சும். பன்றியின் முரட்டு மயிரைத் தாண்ட 3,000-க்குமேலாவது வேண்டும். பெட்டியோ வழக்கம்போல் 'டிக், டிக்' என்றுதான் சொல்லும்! அதனால் சத்தத்தை நம்பக் கூடாது. வேலியின் கடைசி முனையில், வேலிக்கென்றே உள்ள வோல்ட்மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். சாதாரண மீட்டரால் இந்தக் கணநேரத் துடிப்பைப் பிடிக்க முடியாது.

மழைக்காலத்தில் மாதம் ஓர் ஆளாவது கூலிக்கு வந்து கம்பியடியில் புல் செதுக்க வேண்டும். பாட்டரி, மின்சாரம் இரண்டையும் கூட்டினாலும் அந்த ஒருநாள் கூலிக்கு எட்டாது.

மாசி, பங்குனியில் புல் காய்ந்துவிடும். அப்போது மண்ணும் காய்கிறது. பன்றியின் உடல் வழியே மண்ணுக்குள் போன மின்சாரம், பெட்டியருகே புதைத்த எர்த் கம்பி வழியாகத்தான் திரும்ப வேண்டும். அதைச் சுற்றி ஈரம் இல்லாவிட்டால் அடி மெத்தென்று போய்விடும். அந்த இரண்டு மாதமும் எர்த் கம்பியடியில் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது விளைக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் வேலை.