மூடியைத் திறந்து முள்ளை எண்ணுங்கள்

அலுவலகங்கள் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கழித்துவிடும் டெஸ்க்டாப் கணினிகள் இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. டெல், எச்பி, லெனோவோ என்று நல்ல பெயர், உறுதியான பெட்டி. பிள்ளைகளின் படிப்புக்கு ஒன்றை வாங்கி, கொஞ்சம் செலவு செய்து ஒரு கிராபிக்ஸ் கார்டையும் போட்டுவிட்டால் விளையாட்டுக்கும் ஆகும், காணொளி எடிட்டிங்கிற்கும் ஆகும் என்று பலரும் கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கு பிசகும் இடம் பெரும்பாலும் பவர் சப்ளைதான்.

கடையில் தனியாக விற்கும் பவர் சப்ளை 'ஏடிஎக்ஸ்' என்ற பொது அளவில் செய்யப்பட்டது. அதிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் முதன்மை வயரின் முனையில் 12 முள் வீதம் இரண்டு வரிசை, மொத்தம் 24 முள் இருக்கும். 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என மூன்று வகை மின்சாரமும் அதன் வழியே போர்டுக்குப் போகும். எந்த ஏடிஎக்ஸ் போர்டுக்கும் எந்த ஏடிஎக்ஸ் பவர் சப்ளையும் பொருந்துவது இதனால்தான்.

அலுவலகக் கணினிகளில் பல இந்த வழியில் போவதில்லை. பவர் சப்ளை 12 வோல்ட் மட்டும் கொடுக்கும். 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் மதர்போர்டே தன்மேல் உள்ள சர்க்யூட்டால் உண்டாக்கிக்கொள்ளும். மின்விரயம் குறையும், வயரும் குறையும். ஆனால் முனை அந்த நிறுவனத்துக்கே உரியதாகிவிடும். டெல் ஆப்டிபிளக்ஸ் 9020-இல் முதன்மை முனைக்கு 8 முள்தான். லெனோவோ திங்க்சென்டர் எம்93பி-யில் 14. எச்பி எலிட்டெஸ்க் 800 ஜி1-இல் 6.

எனவே எதையும் வாங்குவதற்கு முன் மாடலை உறுதி செய்யுங்கள். வெளிப்பெட்டியின் ஸ்டிக்கர் கிழிந்திருந்தால், விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
Get-CimInstance Win32_ComputerSystem | Select-Object Manufacturer, Model
```

கிடைக்கும் பெயரைக் கொண்டு நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த மாடலுக்கான சர்வீஸ் கையேட்டை இறக்கிக்கொள்ளலாம். ஒரே எண்ணில் டவர், அதைவிடச் சிறிய பெட்டி எனப் பல வடிவங்கள் வருவதுண்டு. உங்களுடையது எது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கணினியை அணைத்து, சுவர் பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு மூடியைத் திறங்கள்.

உள்ளே மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். முதலில், பவர் சப்ளையிலிருந்து போர்டுக்குப் போகும் பெரிய முனையின் முட்களை எண்ணுங்கள். 24 இல்லையென்றால் அது நிறுவனத்துக்குரிய சொந்த வடிவம். இரண்டாவதாக, ஹார்ட் டிஸ்க்குக்கும் டிவிடி டிரைவுக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று வயரைப் பின்தொடர்ந்து பாருங்கள். பொதுவான கணினியில் அது பவர் சப்ளையிலிருந்து நேராக வரும். 9020 போன்றவற்றில் மதர்போர்டில் உள்ள ஒரு சின்ன முனையிலிருந்து வரும். மூன்றாவதாக, பவர் சப்ளையின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் மொத்த வாட் எவ்வளவு என்று படியுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கென்று 6 அல்லது 8 முள் கொண்ட தனி வயர் தொங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் இருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. முள் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் வயரிங்கும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. டெல்லின் 8 முள் முதன்மை முனையும், ஏடிஎக்ஸ் பவர் சப்ளையில் பிராசசருக்கென்று வரும் 8 முள் முனையும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே ஓடுவது வேறு. 1990-களின் பிற்பகுதியில் டெல் பொது வடிவ முனையையே வைத்துக்கொண்டு உள்ளே வயர்களின் வரிசையை மட்டும் மாற்றியிருந்தது. கடையில் வாங்கிய பவர் சப்ளை அதில் அழகாகப் பொருந்தியது, போர்டு கருகியது. ஆகவே அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தாலும் நிறுத்துங்கள். எளிதாகப் பொருந்தினாலும் கையேட்டைப் பார்க்காமல் சுவிட்சைப் போடாதீர்கள்.

இப்போது ஒரு கணினியை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆப்டிபிளக்ஸ் 9020 டவர், ஐ5-4590 பிராசசர், 290 வாட் பவர் சப்ளை. பிராசசருக்கு 84 வாட். போர்டு, ரேம், டிஸ்க், விசிறி எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தாராளமாக 40 வாட் வைப்போம். கிராபிக்ஸ் கார்டு செருகும் நீளமான ஸ்லாட் வழியே அதிகபட்சம் 75 வாட் தரலாம் என்பது பொது விதி. மொத்தம் 199 வாட். 290-க்குள் இடம் இருக்கிறது. அப்படியானால் ஜிடிஎக்ஸ் 1650 போல 75 வாட்டுக்குள் அடங்கும், தனி வயர் கேட்காத கார்டுக்குப் பவர் சப்ளையை மாற்றவே தேவையில்லை. அதே பெயரில் 6 முள் வயர் கேட்கும் கார்டுகளும் விற்பனையில் உண்டு என்பதால், கார்டின் விளிம்பைப் படத்தில் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

அதைவிடப் பெரிய கார்டு வேண்டும் என்று ஆசைப்படும்போதுதான் ஆபத்தான குறுக்குவழி ஒன்று கண்ணில் படும். ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா மின்வயரை கிராபிக்ஸ் கார்டின் 6 முள்ளாக மாற்றித் தரும் மலிவான வயர் அது. சாட்டா முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று முள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். பெருக்கினால் 54 வாட். கார்டின் 6 முள் முனையோ 75 வாட் வரை இழுக்கலாம். பொதுவான கணினியிலேயே இது பிளாஸ்டிக் முனையை உருக்கும். 9020-இல் அந்த மின்சாரம் மதர்போர்டின் மெல்லிய தடங்கள் வழியாக வருவதால், வயரோடு போர்டும் போகலாம். சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைக் கூடுதலாக இணைக்க அதே வயரைப் பிரித்துக்கொள்வது பரவாயில்லை. அது இழுப்பது சில வாட்தான்.

நேர்மையான வழி, ஏடிஎக்ஸ் பவர் சப்ளை வாங்கி, 24 முள்ளை 8 முள்ளாக மாற்றும் அடாப்டர் போடுவது. அடாப்டரை முள் எண்ணிக்கையைச் சொல்லி வாங்காமல் மாடல் பெயரைச் சொல்லி வாங்குங்கள். கணினி அணைந்திருக்கும்போதும் போர்டுக்குச் சிறிது மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். ஏடிஎக்ஸில் அது 5 வோல்ட். சில அலுவலகக் கணினிகள் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். எச்பிக்கான சில அடாப்டர்களின் நடுவில் தொங்கும் சிறு சர்க்யூட் அதை உயர்த்தித் தரத்தான். பெட்டியிலும் இடம் வேண்டும்: ஏடிஎக்ஸ் பவர் சப்ளையின் முகப்பு 150 மில்லிமீட்டர் அகலம், 86 மில்லிமீட்டர் உயரம். சிறிய வடிவப் பெட்டிகளில் அது நுழையாது.

எதிர்த்திசையில், பழைய பெட்டியையும் பவர் சப்ளையையும் வைத்துக்கொண்டு புதிய பொது மதர்போர்டை மட்டும் போடலாமா? 12 வோல்ட் மட்டும் தரும் பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் வெறும் வயரால் எடுக்க முடியாது. முன்பக்க பவர் பொத்தானின் முனையும் விசிறியின் முனையும் கூட அந்த நிறுவனத்தின் வடிவமாகவே இருக்கும். போர்டை மாற்றுவதென்றால் பெட்டி, பவர் சப்ளை, விசிறி எல்லாமே புதிது என்று கணக்கிடுங்கள்.

ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் இந்தத் தொல்லை இல்லை. இரண்டும் பொது அளவில்தான் வருகின்றன. 9020 போன்ற நான்காம் தலைமுறைக் கணினியை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அதில் எஸ்எஸ்டியும் 75 வாட் கார்டும் போடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் பவர் சப்ளை, அடாப்டர், பெரிய கார்டு என்று போகிற பணத்தை 24 முள் கொண்ட இன்னொரு கணினிக்கு ஒதுக்குங்கள். அதில் வாங்கும் பாகங்களை அடுத்த கணினிக்கும் எடுத்துச் செல்லலாம்.