‘இது உங்கள் சீட்டா?’ என்று கேட்கும் அந்த நொடி

வித்தைக்காரர் ஒரு சீட்டை உயர்த்திக் காட்டுகிறார். கிளாவர் ஏழு. “நீங்கள் எடுத்தது இதுதானே?” என்று கேட்கிறார். எதிரே இருப்பவர் சங்கடமாகச் சிரித்து, “இல்லையே” என்கிறார். வித்தைக்காரரின் முகம் சற்று வாடுகிறது. “அப்படியா? சரி, கையை நீட்டுங்கள்” என்று சொல்லி, அந்தத் தவறான சீட்டையே குப்புற அவர் உள்ளங்கையில் வைக்கிறார். “உங்கள் சீட்டு எது?” “ஆடுதன் ராணி.” கையைத் திருப்பிப் பார்த்தால் அங்கே இருப்பது ஆடுதன் ராணி.

ரகசியம் சீட்டை மாற்றியதில்தான் இருக்கிறது. அந்த மாற்றத்துக்கு ‘டாப் சேஞ்ச்’ என்று பெயர். எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் 1902-இல் சிகாகோவில் வெளியான ‘தி எக்ஸ்பர்ட் அட் தி கார்ட் டேபிள்’ என்ற நூலிலேயே இதன் விளக்கம் உண்டு. அந்தப் புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை, அது வேறு கதை. பல சீட்டு வித்தைகளில் ஒரு சீட்டின் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கும், விரல்கள் மறைவில் வேலை செய்யும். டாப் சேஞ்சில் அப்படி எந்த மறைப்பும் கிடையாது. எல்லாம் பட்டப்பகலில், பார்ப்பவரின் மூக்குக்கு நேரே நடக்கிறது. அதனால்தான் கவனத்தைத் திசைதிருப்பும் கலையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

கைகள் செய்வது இவ்வளவுதான். ஆடுதன் ராணியை வித்தைக்காரர் முன்கூட்டியே கட்டின் உச்சிக்குக் கொண்டுவந்துவிடுகிறார். கட்டு இடக்கையில் இருக்கிறது. கிளாவர் ஏழு வலக்கையில், மேலே கட்டைவிரலும் கீழே ஆள்காட்டி விரலுமாகப் பிடித்தபடி இருக்கிறது. இடது கட்டைவிரல் மேல் சீட்டை வலப்புறமாகக் கொஞ்சம் தள்ளுகிறது. இரு கைகளும் ஒரு கணம் நெருங்குகின்றன. ஏழு கட்டின் மேல் அமர்கிறது. அதே நேரத்தில் ராணி வலக்கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் சிக்கி வெளியே வந்துவிடுகிறது. ஏழு மீண்டும் கூடவே வந்துவிடாதபடி இடது கட்டைவிரல் அதைப் பிடித்துக்கொள்கிறது. கைகள் விலகுகின்றன. அரை நொடி வேலை. உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் யாருக்கும் இது தெரிந்துவிடும். எத்தனை வேகமாகச் செய்தாலும் தெரியும். சொல்லப்போனால், வேகம் கூடும்போது அசைவு இன்னும் துல்லியமாகக் கண்ணில் படும்.

ஆக, யாரும் பார்க்காத ஒரு நொடி தேவை. அதை உண்டாக்குவது “இல்லையே” என்ற அந்தப் பதில்தான்.

சீட்டைக் காட்டும்போது எல்லாக் கண்களும் அதன் மேல் இருக்கும். அது தவறான சீட்டு என்று தெரிந்த மறுகணமே அதன் மதிப்பு போய்விடுகிறது. இனி அதைப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. இப்போது பார்க்க வேண்டியது, மாட்டிக்கொண்ட இந்த மனிதர் என்ன செய்யப்போகிறார் என்பதைத்தான். பார்வை தானாகவே அவர் முகத்துக்கு ஏறுகிறது. சிலர் சிரிக்கிறார்கள், சிலர் நாற்காலியில் சாய்கிறார்கள். இறுக்கம் தளரும் இந்தக் கணத்தை மேஜிக் உலகில் ‘ஆஃப் பீட்’ என்பார்கள். “அப்படியா?” என்ற சொல்லோடு சீட்டு மாறுகிறது. ஒரு நொடி முன்னால் செய்தால் கண்கள் இன்னும் சீட்டில் இருக்கும். இரண்டு நொடி தாமதித்தால் அடுத்து என்ன என்ற எதிர்பார்ப்பில் கவனம் மறுபடி கைகளுக்குத் திரும்பிவிடும்.

பார்வை மேலே ஏறுவதற்கு வித்தைக்காரரின் கண்ணும் ஒத்துழைக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் ஏர் நகரத்து மளிகைக்கடைக்காரரும் தேர்ந்த வித்தைக்காரருமான ஜான் ராம்சே இதை எளிமையாகச் சொல்லிக்கொடுத்தார்: பார்வையாளர் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் நீ அதைப் பார்; உன்னைப் பார்க்க வேண்டுமென்றால் அவரைப் பார். கேள்வி கேட்டபடி ஒருவரை நேராகப் பார்த்தால், அவர் திரும்பிப் பார்க்காமல் இருப்பது அரிது. அது மரியாதைக் குறைவு என்று உடம்புக்கே பழகிப்போயிருக்கிறது.

இதைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர், வித்தைக்காரராக இருந்து உளவியலாளரான குஸ்தவ் குன். மைக்கேல் லேண்டுடன் சேர்ந்து 2006-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் இருந்தது பந்து; சீட்டு அல்ல. பந்தை இருமுறை மேலே எறிந்து பிடித்துவிட்டு, மூன்றாவது முறை எறிவதுபோல் பாவனை மட்டும் செய்தார். பந்து கையிலேயே இருந்தது. அவர் கண் மேலே போனபோது, பார்த்தவர்களில் 68 சதவீதம் பேருக்குப் பந்து மேலே போய் மறைந்ததாகவே பட்டது. கண் கையிலேயே நின்றபோது அது 32 சதவீதமாகக் குறைந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு பெஞ்சமின் டாட்லருடன் செய்த ஆய்வு இன்னும் விசித்திரமானது. சிகரெட் ஒன்று வெளிப்படையாகவே மடியில் விழுகிறது. பெரும்பாலோர் அதைக் காணவில்லை. அவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தார்கள். கண்டவர்களும் காணாதவர்களும் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. கண் ஓரிடத்தில் இருக்கலாம், கவனம் வேறெங்கோ இருக்கலாம். ஆக, முகத்தைப் பார்க்க வைப்பது பாதி வேலைதான். மனதுக்கு யோசிக்க ஏதாவது கொடுப்பது மறுபாதி. “கையை நீட்டுங்கள்” என்ற வேண்டுகோள் அதைச் செய்கிறது. எந்தக் கை, எப்படி நீட்டுவது என்று அவர் மனம் அங்கே போய்விடுகிறது.

ஸ்பெயின் நாட்டு வழக்கறிஞர் அர்தூரோ தெ அஸ்கானியோ இதில் இன்னொரு நுட்பத்தைச் சேர்த்தார். இரு கைகளும் காரணமில்லாமல் சேர்ந்து பிரிந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். வேறொரு வேலைக்குப் போகும் வழியில் சேர்ந்தால் அது ஒரு செயலாகவே மனதில் பதியாது. எனவே கிளாவர் ஏழைப் பிடித்த வலக்கை அசையாமல் நிற்க, கட்டோடு இருக்கும் இடக்கைதான் வலப்புறம் வந்து, நீட்டச் சொன்ன கையைச் சுட்டிக்காட்டித் திரும்புகிறது. அந்தப் பெரிய அசைவுக்குள் விரல்களின் சிறு அசைவு கரைந்துவிடுகிறது.

புதியவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் கண்ணில்தான். சீட்டை மாற்றும் நொடியில் தன் கையைத் தானே ஒருமுறை பார்த்துவிடுவார்கள்; பார்வையாளரும் உடனே அங்கே பார்ப்பார். பேச்சு நடுவில் அறுந்துபோகும், தோள் விறைக்கும். கண்ணாடி முன் பயிற்சி செய்பவருக்கு வேறொரு நோய் தொற்றும்: சரியாக மாற்றும் கணத்தில் கண்ணை இமைத்துவிட்டு, அருமையாக வந்துவிட்டது என்று தன்னையே ஏமாற்றிக்கொள்வார். கேமரா அப்படி ஏமாறாது. யாரும் கேள்வி கேட்டாலும் அது நிமிர்ந்து பார்ப்பதில்லை. மேஜையில் எல்லோரையும் வாய்பிளக்க வைத்த டாப் சேஞ்ச், செல்போன் வீடியோவில் பச்சையாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் பிடிவாதமாகக் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பதும் உண்டு. அனுபவம் உள்ளவர் அதைக் கவனித்துவிடுவார். அன்று அவர் சீட்டை மாற்றுவதில்லை. கிளாவர் ஏழை அலட்சியமாகக் கட்டுக்குள் செருகிவிட்டு, கட்டை மேஜையில் வைத்து, அந்தப் பிடிவாதக்காரரையே மேல் சீட்டைத் திருப்பச் சொல்வார். ராணிதான் ஏற்கெனவே உச்சியில் இருக்கிறாளே.