‘சாப்பிட்டாச்சா?’வுக்குப் பிறகு

ஜாதகம் பொருந்தி, இரு வீட்டாரும் எண்களைக் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருக்கும். சாப்பாடு, சினிமா, ஆபீஸ் எல்லாம் பேசி முடித்த இரண்டாவது வாரத்தில்தான் பலருக்கும் அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் போகிறது. “உங்க வாழ்க்கை லட்சியம் என்ன?” என்று நேராகக் கேட்டால் இன்டர்வியூ மாதிரி ஆகிவிடும். பதிலும் ஒப்பிப்பதாகவே வரும்.

அவர் ஏற்கெனவே சொன்ன ஒன்றைப் பிடித்துக்கொள்வதே நல்ல வழி. “சனிக்கிழமை ஊருக்குப் போறேன்” என்கிறார். “அடிக்கடி போவீங்களா?” என்று கேளுங்கள். “அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போகணும்” என்று பதில் வருகிறது. குடும்பப் பொறுப்பைப் பற்றிய பேச்சு அங்கேயே தொடங்கிவிட்டது.

அடுத்த கேள்விக்கு முன் உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள்: “என் சம்பளத்துல ஒரு பங்கு அம்மாவுக்குக் கொடுக்கிறேன். கல்யாணத்துக்கு அப்புறமும் கொடுக்கணும்னு நினைக்கிறேன். நீங்க என்ன நினைக்கிறீங்க?” 1997-இல் உளவியலாளர் ஆர்தர் ஆரோன் குழு வெளியிட்ட 36 கேள்விகளும் இப்படித்தான் அமைந்தவை. இருவரும் மாறி மாறிப் பதில் சொல்ல, கேள்விகள் படிப்படியாக ஆழமாகும்.

எல்லாவற்றுக்கும் “உங்க இஷ்டம்” என்றே பதில் வந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். “வேற ஊர்ல வேலை கிடைச்சப்போ எப்படி முடிவு பண்ணீங்க?” என்று நடந்ததைக் கேளுங்கள். கடன், குழந்தை போன்றவற்றை மெசேஜில் முடிக்காமல் போனிலோ நேரிலோ பேசுங்கள். தயக்கம் குரலில்தான் தெரியும்.