வாரத்தில் ஒரு நாள் மாத்திரை

மூட்டுவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. இரத்த அணுக்கள் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையை இந்த மருந்து அடக்கிவிடும். பல நாடுகளில் இப்படி மரணங்கள் நேர்ந்திருக்கின்றன. ஐரோப்பிய மருந்து முகமை 2019-ல் இதற்காகவே புதிய எச்சரிக்கை வாசகங்களைப் பரிந்துரைத்தது.

தவறு எப்படி நேர்கிறது என்று பார்ப்போம். எழுபது வயது அம்மா ஒருவருக்கு மருத்துவர் வாரம் 15 மி.கி. என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் 7.5 மி.கி. மாத்திரை இருக்கிறது, ஆக ஞாயிறு காலை இரண்டு மாத்திரை. கடைக்காரர் கவரில் வழக்கம்போல "2-0-0" என்று எழுதித் தருகிறார். அந்த அம்மா பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் அப்படித்தான் பல வருடமாகச் சாப்பிடுகிறார். இதையும் தினமும் காலையில் சாப்பிடுகிறார். வாரத்தில் 15 மி.கி. போக வேண்டிய இடத்தில் 105 மி.கி. போய்விடுகிறது. அவர் எழுதியிருந்ததை மீறவில்லை, எழுதியதில்தான் கோளாறு. 2-0-0, 1-0-1 போன்ற கணக்கு தினசரி மருந்துக்கு மட்டுமே பொருந்தும். வார மருந்துக்கு அந்தக் கட்டமே கூடாது.

"தினமும் சாப்பிடக் கூடாது" என்று எழுதினால் போதாதா? போதாது. தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வரும். பார்வை மங்கியவர் "தினமும் சாப்பிட" என்பதோடு நின்றுவிடலாம். அதனால் செய்ய வேண்டியதை முதலில், கிழமையோடு எழுத வேண்டும். எச்சரிக்கை அடுத்த வரியில் தனியாக வரட்டும். "வாராந்திர", "உட்கொள்ளவும்" போன்ற சொற்களையும் விட்டுவிடலாம். அந்த அம்மாவின் கவரில் இருக்க வேண்டியது இதுதான்:

மூட்டுவாத மாத்திரை (மெத்தோட்ரெக்சேட் 7.5 மி.கி.)
ஞாயிற்றுக்கிழமை மட்டும். காலை சாப்பாட்டுக்குப் பிறகு 2 மாத்திரை.
திங்கள் முதல் சனி வரை இந்த மாத்திரை வேண்டாம்.
மறந்துவிட்டால் சேர்த்துச் சாப்பிட வேண்டாம். டாக்டரிடம் கேளுங்கள்.
வாயில் புண், காய்ச்சல், தொண்டை வலி, மூச்சு வாங்குதல், இரத்தக் கசிவு வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசி வரியில் உள்ளவை மருந்து உடம்பில் மிஞ்சிவிட்டதற்கான அடையாளங்களாக இருக்கலாம். முதியவர்கள் வாய்ப்புண்ணைச் சூடு என்று சொல்லி மோர் குடித்துக்கொண்டிருப்பார்கள். அப்படி நாள் கடத்தக் கூடாது. லூகோவோரின் என்ற முறிவு மருந்து உண்டு. அதைச் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன் அதிகம்.

எழுத்து பெரியதாக, வெள்ளைத் தாளில் கறுப்பாக இருக்க வேண்டும். மில்லிகிராமையும் மாத்திரை எண்ணிக்கையையும் சேர்த்தே எழுத வேண்டும். அடுத்த மாதம் கடையில் 2.5 மி.கி. கொடுத்துவிட்டால், பழைய "இரண்டு" 5 மி.கி. ஆகிவிடும். இதோடு தரப்படும் ஃபோலிக் அமிலத்துக்குத் தனிக் கவர், தனிக் கிழமை. இரண்டும் மஞ்சள் நிறத்தில் வரக்கூடும் என்பதால் "மஞ்சள் மாத்திரை" என்று அடையாளம் சொல்லவே வேண்டாம்.

எழுதிக் கொடுத்த பிறகு "புரிந்ததா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றே சொல்வார்கள். "அடுத்த மாத்திரையை எந்தக் கிழமை சாப்பிடுவீங்க, எத்தனை?" என்று கேட்க வேண்டும். பதில் தப்பாக வந்தால் கவரைத் திருத்தி எழுத வேண்டும்.

இப்படி விளக்கிச் சொல்வது கடைக்காரர் காட்டும் சலுகை அல்ல. மருந்தகப் பணி ஒழுங்குமுறை விதிகள் 2015, மருந்தின் அளவையும் முன்னெச்சரிக்கையையும் நோயாளிக்கு விளக்குவதைப் பதிவு பெற்ற மருந்தாளுநரின் கடமையாக்கியுள்ளன. ஆகவே மருந்தாளுநர் யார் என்று கேளுங்கள், தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பாதிப்பு நேர்ந்துவிட்டால் முதலில் சிகிச்சை. மீதி மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். அந்த அட்டை, கவர், பில், மருந்துச் சீட்டு நான்கையும் பத்திரப்படுத்துங்கள். மருந்தின் பக்கவிளைவை இந்திய மருந்து விழிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியின் குடும்பத்தாரே தெரிவிக்கலாம். தவறான குறிப்பால் இழப்பு ஏற்பட்டிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கவரில் எழுதிய அந்த ஒரு வரிதான் அங்கே முக்கியச் சான்று; மாத்திரை தீர்ந்ததும் அதைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள்.