சிறுபான்மைப் பள்ளியும் 25 சதவீத இடமும்: சரியான விடை எது?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் தடுமாறும் வினா ஒன்றைப் பார்ப்போம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்லும் 25 சதவீத இடத்திலிருந்து விலக்குப் பெற்ற சிறுபான்மைப் பள்ளிகள் எவை?

(அ) அரசு உதவி பெறாதவை மட்டும்
(ஆ) உதவி பெறுபவை மட்டும்
(இ) இரண்டும்
(ஈ) எதுவுமில்லை

பலர் (அ) என்று குறிக்கிறார்கள். 2012-இல் ராஜஸ்தான் தனியார் பள்ளிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். ஆனால் 2014-இல் பிரமாதி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்றது. கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்க அரசியல் சாசனத்தின் 30(1) பிரிவு சிறுபான்மையினருக்கு உரிமை தருகிறது. அரசு உதவி வாங்கினாலும் அந்த உரிமை போய்விடாது என்பதே காரணம். எனவே விடை (இ).

2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு இத்தீர்ப்பின் மீது ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு பரிசீலிக்க வேண்டும் என்றது. அப்படியோர் அமர்வு மாற்றும்வரை 2014 தீர்ப்பே சட்டம்.

இது தேர்வோடு முடிவதில்லை. நம் சமுதாயம் நடத்தும் சிறுபான்மைப் பள்ளியில் இந்த ஒதுக்கீட்டை உரிமையாகக் கேட்க முடியாது. சிறுபான்மை அந்தஸ்து இல்லாத தனியார் பள்ளிகளில்தான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.